2,000 வார்த்தைக் கட்டுரையை ஒரு கேப்ஷனுக்குள்ள அடக்குறது எப்படி? "12 லட்சம் வரை வரி இல்லை" கட்டுரையை வச்சுப் பார்க்கலாம்

நம்ம வாசகர்கள்ல மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்கள், வரி கணக்கு போட்டுக் கொடுக்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்கள்ல பலர் கேட்கிற கேள்வி இதுதான்: "கட்டுரையை உட்கார்ந்து எழுதிடுறேன். அதையே இன்ஸ்டாகிராமில் போட்டு, 'லிங்க் இன் பயோ'ன்னு சொல்லி ஆளை வர வைக்கணும். அந்தக் கேப்ஷனை எப்படி எழுதுறது?"

சமையல் குறிப்பையோ பயணக் கட்டுரையையோ சுருக்குறதுக்கும் வரிக் கட்டுரையைச் சுருக்குறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கேப்ஷனைப் படிக்கிறவங்கள்ல பெரும்பாலானோர் லிங்குக்கு வரவே மாட்டாங்க. கேப்ஷன்ல படிச்சதை மனசுல வச்சுக்கிட்டு அப்படியே போய்ப் பணத்தை நகர்த்துவாங்க. அதனால நீங்க வெட்டி எறியுற ஒரு வரி, யாரோ ஒருத்தர் பாக்கெட்டுல இருந்து போற காசா மாறலாம். எப்படின்னு ஒரு கட்டுரையை எடுத்துப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டுக்கான புது வரி முறை, அதுல வர்ற "12 லட்சம் வரை வரி இல்லை" விஷயம்தான் அந்தக் கட்டுரை.

முதல்ல இன்ஸ்டாகிராம் என்ன இடம் தருதுன்னு தெரிஞ்சுக்கலாம். ஒரு கேப்ஷனுக்கு உச்ச வரம்பு 2,200 எழுத்து. ஆனா ஃபீடுல ஸ்க்ரோல் பண்றவங்க கண்ணுல படுறது முதல் 125 எழுத்து சொச்சம்தான். அது ஃபோனைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதுக்கப்புறம் `more`னு வந்துடும், தொட்டாதான் மீதி விரியும். கேப்ஷனுக்குள்ள நீங்க ஒட்டுற லிங்க் வேலை செய்யாது, வெறும் எழுத்தா நிக்கும். அதனாலதான் எல்லாரும் பயோவைக் காட்டுறாங்க.

தமிழ்ல எழுதுறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். யூனிகோடுல 'கி' என்பது ஒரு எழுத்து இல்லை. 'க' ஒரு குறியீடு, கொக்கி ஒரு குறியீடு, ஆக ரெண்டு. "லட்சத்துக்குள்ளயா"ங்கிற சொல்லுல நம்ம கண்ணுக்கு 10 எழுத்து, யூனிகோடு கணக்குல 17. அதனால 125ன்னா 125 தமிழ் எழுத்துன்னு நம்பி எழுதாதீங்க. பத்துப் பதினோரு சொல்லுக்குள்ள முதல் வரியை முடிச்சுட்டா பாதுகாப்பு.

சரி, கட்டுரைக்கு வருவோம். அதுல என்னென்ன இருக்கும்? வரி அடுக்குகள் இருக்கும். சம்பளக்காரங்களுக்கான 75,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் இருக்கும். 87ஏ பிரிவுப்படி 60,000 ரூபாய் வரைக்கும் கிடைக்கிற ரிபேட் இருக்கும். அதனாலதான் 12 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம் ஆகுது. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினவங்களுக்கான மார்ஜினல் ரிலீஃப், பங்கு வித்த லாபத்துக்கு என்ன ஆகும், பழைய முறையோட ஒப்பீடு, கடைசியில ரெண்டு மூணு மாதிரிக் கணக்கு. இதெல்லாம் சேர்ந்து 2,000 வார்த்தை.

இதை எல்லாரும் முதல்ல எப்படிச் சுருக்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும்:

"12 லட்சம் வரை ஒரு ரூபா கூட வரி இல்லை! முழு விவரம் – லிங்க் இன் பயோ 👆"

பளிச்சுன்னு இருக்கு. லைக் வரும். இப்போ இதைப் படிக்கிறவரை நினைச்சுப் பாருங்க. ஈரோட்டுல ஒரு தனியார் பள்ளி ஆசிரியைன்னு வச்சுக்கோங்க. வருஷச் சம்பளம் 9.75 லட்சம். நவம்பர்ல கொஞ்சம் பங்குகளை வித்தாங்க. வாங்கி எட்டு மாசம்தான் ஆச்சு. லாபம் 1 லட்சம். கேப்ஷனைப் பார்த்தாங்க, மொத்தமே 12 லட்சத்துக்குள்ளதானே இருக்குன்னு நிம்மதியா போயிட்டாங்க.

அவங்க கணக்கைப் போடுவோம். சம்பளத்துல 75,000 கழிச்சா 9 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5%, அதாவது 20,000. மீதி 1 லட்சத்துக்கு 10%, அதாவது 10,000. ஆக 30,000 வரி. மொத்த வருமானம் லாபத்தையும் சேர்த்து 10 லட்சம், 12 லட்சத்துக்குள்ளதான். அதனால ரிபேட் வந்து இந்த 30,000ஐ பூஜ்யம் ஆக்கிடும். இது வரைக்கும் கேப்ஷன் சொன்னது சரி.

ஆனா பங்கு வித்த குறுகிய கால லாபம் தனி விகிதத்துல வரி கட்ட வேண்டிய வருமானம், 20%. இந்தத் தனி விகித வரிக்கு 87ஏ ரிபேட் கிடையாதுன்னு 2025 பட்ஜெட்டுல வந்த திருத்தம் தெளிவா சொல்லிடுச்சு. 1 லட்சத்துக்கு 20,000, அதோட 4% செஸ் 800. மொத்தம் 20,800 கட்டணும்.

பள்ளிக்கூடம் சம்பளத்தை மட்டும்தான் பார்க்கும், அதனால டிடிஎஸ் பிடிச்சிருக்காது. இங்கேயே வசிக்கிற முதலீட்டாளருக்கு லாபத்துல புரோக்கரும் டிடிஎஸ் பிடிக்க மாட்டார். வரி 10,000 ரூபாய்க்கு மேல போறதால முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்கணும். கட்டாம ஜூலையில ரிட்டர்ன் போடும்போது கட்டினா, 234பி வட்டி மாசம் 1% வீதம் ஏப்ரல்ல இருந்து நாலு மாசத்துக்கு 832 ரூபாய். 234சி வட்டி அதுக்கு மேல தனி. ரிட்டர்ன்லயே காட்டாம விட்டுட்டாங்கன்னா இன்னும் மோசம். வித்த விவரம் ஏஐஎஸ்ல இருக்கும், அப்புறம் நோட்டீசுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கணும்.

கட்டுரையில இந்த விஷயம் இருந்துச்சே, லிங்க் கொடுத்தோமேன்னு நீங்க சொல்லலாம். இருந்துச்சு. ஆனா அவங்க படிச்சது கேப்ஷனை.

எல்லாத்தையும் திணிச்சா?

இதைப் பார்த்துப் பயந்துட்டு எதிர்ப்பக்கம் போறவங்களும் உண்டு. எனக்குத் தெரிஞ்ச சிஏக்கள் பலரும் இந்த ரகம்தான். எதையும் விட மனசு வராது. அடுக்குகள், ரிபேட், ரிலீஃப், தனி விகிதம், பழைய முறை, எல்லாத்தையும் போட்டு 2,100 எழுத்து வரைக்கும் இழுத்துடுவாங்க. அதைப் படிச்சு முடிச்சவருக்கு லிங்குக்குப் போக ஒரு காரணமும் இருக்காது. பெரும்பாலானவங்க படிச்சே முடிக்க மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்குச் சம்பந்தமில்லாத நாலு விஷயத்தைத் தாண்டித்தான் தன்னோட விஷயத்துக்கு வரணும்.

அதனால சுருக்கும்போது முதல் வேலை, கட்டுரையில எந்த வாசகருக்காக இந்தக் கேப்ஷன்னு முடிவு பண்றது. நம்ம கட்டுரையை மூணு பேர் தேடி வருவாங்க. சம்பளம் மட்டும் இருக்கிறவர் ஒருத்தர். சம்பளத்தோட பங்கு, ஃபண்டு வித்தவர் ஒருத்தர். 12 லட்சத்தை மயிரிழையில தாண்டினவர் ஒருத்தர். மூணு பேருக்கும் ஒரே கேப்ஷன் எழுதாதீங்க. மூணு நாள், மூணு கேப்ஷன், ஒரே கட்டுரை. இன்னைக்கு நாம ரெண்டாவது ஆளை எடுத்துக்குவோம், ஏன்னா "12 லட்சம்"ங்கிற தலைப்பு ஏமாத்துறது அவரைத்தான்.

அடுத்து, கட்டுரையைப் பிரிண்ட் எடுத்தோ ஸ்க்ரீன்லயோ வச்சுக்கிட்டு ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்யுதுன்னு ஓரத்துல குறிங்க. சில வாக்கியம் விதியைச் சொல்லும். சிலது அந்த விதி பொருந்தாத இடத்தைச் சொல்லும். சிலது கணக்கு. மீதி எல்லாம் பின்னணி: எந்த பட்ஜெட்டுல வந்துச்சு, முன்னாடி எப்படி இருந்துச்சு, ஏன் மாத்தினாங்க. பின்னணி மொத்தத்தையும் கூசாம வெட்டலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. கணக்குல ஒண்ணே ஒண்ணு போதும். விதி ஒரு வாக்கியம்.

விதிவிலக்குலதான் நின்னு யோசிக்கணும். எல்லா விதிவிலக்கும் ஒரே கனம் இல்லை. ஒவ்வொண்ணையும் எடுத்து, "இது தெரியலைன்னா இந்த வாசகர் நாளைக்குத் தப்பான ஒரு காரியம் பண்ணுவாரா?"ன்னு கேளுங்க. பங்கு லாபத்துக்கு ரிபேட் இல்லைங்கிறது தெரியலைன்னா, அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட மாட்டார். அது கேப்ஷன்ல இருந்தே ஆகணும். அந்த லாபமும் 12 லட்ச வரம்புக்குள்ள எண்ணப்படும்ங்கிறது தெரியலைன்னா, சம்பளம் 11.90 லட்சம்னு வருது, பரவாயில்லைன்னு 2 லட்சம் லாபத்துக்கு வித்துடுவார். வரம்பைத் தாண்டிப் போய் சம்பளத்துக்கான ரிபேட்டும் கையை விட்டுப் போயிடும். அதுவும் இருந்தே ஆகணும். நீண்ட கால லாபத்துல முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை, அதுக்கு மேல 12.5%ங்கிறது தெரியலைன்னா? வரி இருக்குமோன்னு சந்தேகப்பட்டுக் கட்டுரைக்கு வருவார், வந்து தெரிஞ்சுக்குவார். பாதகம் இல்லை. அதை லிங்குக்கு விட்டுடலாம். மார்ஜினல் ரிலீஃப் இவரைவிட மூணாவது ஆளுக்குத்தான் வேணும். அதையும் விட்டுடலாம்.

இப்படிப் பார்த்தா கைல மிஞ்சுறது ஒரு விதி, ரெண்டு விதிவிலக்கு, ஒரு கணக்கு. கூடவே எந்த நிதியாண்டுங்கிறது கட்டாயம் வேணும். கேப்ஷன் ஸ்க்ரீன்ஷாட்டா வாட்ஸ்அப்புல சுத்தும்போது போஸ்ட் போட்ட தேதி கூடவே போகாது. ரெண்டு வருஷம் கழிச்சு உங்க பேரோட யாரோ ஒருத்தர் குடும்ப குரூப்புல வந்து நிக்கும்.

முதல் வரிக்கு ஒரு சோதனை

`more`க்கு முன்னாடி தெரியுற பகுதியை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் படிங்க. அது மட்டும் தெரிஞ்ச ஒருத்தருக்கு அது பொய்யா இருக்கக் கூடாது. "12 லட்சம் வரை ஒரு ரூபா கூட வரி இல்லை!"ன்னு மேல போட்டுட்டு, "ஆனா ஷேர் லாபத்துக்கு இது பொருந்தாது"ன்னு ஏழாவது வரியில எழுதுறது இந்தச் சோதனையில தேறாது. விதிவிலக்கோட நிழலாவது முதல் வரியில விழணும்.

"இந்த ஒரு விஷயம் தெரியலைன்னா 20,000 போச்சு... பயோ லிங்க்கைப் பாருங்க"ன்னு பதிலை மறைச்சு வைக்கிற பழக்கமும் இருக்கு. ஒரு தடவை வேலை செய்யும். பண விஷயத்துல ஆள் வர்றதுக்குக் காரணம் நம்பிக்கைதான், அதை வச்சு ஏன் விளையாடணும்? பதிலைக் கேப்ஷன்லயே கொடுத்துடுங்க. "என் எண்ணைப் போட்டா எவ்வளவு வரும்?"ங்கிற கேள்விதான் அவரை லிங்குக்குக் கூட்டிட்டுப் போகணும். அதை எந்தக் கேப்ஷனாலயும் சொல்ல முடியாது, கட்டுரையாலதான் முடியும்.

இதையெல்லாம் வச்சு எழுதினா கேப்ஷன் இப்படி வரும்:

"வருமானம் 12 லட்சத்துக்குள்ளயா? இந்த வருஷம் ஷேர் வித்திருந்தா, வரி ஜீரோ இல்லாம போகலாம்.

2025-26 நிதியாண்டு, புது வரி முறை: மொத்த வருமானம் 12 லட்சம் வரைக்கும் 87ஏ ரிபேட் வரியை ஜீரோ ஆக்கும். ஆனா ஷேர், ஈக்விட்டி ஃபண்டு வித்த லாபத்துக்கான வரிக்கு அந்த ரிபேட் கிடையாது. அந்த லாபத்தையும் சேர்த்துத்தான் 12 லட்சத்தைப் பார்க்கணும்.

உதாரணம்: சம்பளம் 9.75 லட்சம், ஒரு வருஷத்துக்குள்ள வித்த ஷேர் லாபம் 1 லட்சம். சம்பளத்துக்கு வரி 0. லாபத்துக்கு 20,800.

நீண்ட கால லாபம்னா கணக்கு வேற. உங்க எண்ணைப் போட்டுப் பார்க்க: பயோவுல '12 லட்சம் – ஷேர் வித்தவங்களுக்கு'ங்கிற லிங்க்."

2,200ல பாதி கூட வரலை. முதல் வரி 86 குறியீடுதான், `more` வெட்டுறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். அந்த ஆசிரியை முதல் வரியை மட்டும் பார்த்திருந்தாலும், நவம்பர்ல வித்தது ஞாபகம் வந்து ஒரு நிமிஷம் நின்னிருப்பாங்க.

போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, வரி பத்தி ஒண்ணும் தெரியாத ஒருத்தர்கிட்ட கேப்ஷனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்காதீங்க, எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. "இதைப் படிச்சுட்டு நாளைக்கு என்ன பண்ணுவே?"ன்னு கேளுங்க. "எவ்வளவு லாபம் வந்திருக்குன்னு புரோக்கர் ஆப்ல பார்ப்பேன்"னு சொன்னா கேப்ஷன் சரி. "12 லட்சத்துக்குள்ளதானே, விடு"ன்னு சொன்னா திரும்ப எழுதுங்க.

மூணாவது ஆளுக்கு எழுதும்போது இதே வேலையை முதல்ல இருந்து பண்ணணும். அவருக்கு நிகர வருமானம் 12.10 லட்சம்னா, அடுக்குப்படி வரி 61,500. ஆனா மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறதால 12 லட்சத்தைத் தாண்டின 10,000 ரூபாய்தான் வரி, செஸ்ஸோட 10,400. அவர் பயப்படுற இடம் வேற, அதனால முதல் வரியும் வேற.

லிங்க் போய்ச் சேருற இடம்

கேப்ஷன் நல்லா இருந்தும் ஆள் வராம போறதுக்கு அடிக்கடி காரணமா இருக்கிறது பயோதான். இன்னைக்குப் போஸ்ட்டுல "லிங்க் இன் பயோ"ன்னு போடுவீங்க. அடுத்த வாரம் புதுக் கட்டுரை வந்ததும் பயோ லிங்கை மாத்திடுவீங்க. அப்புறம் பழைய போஸ்ட்டைப் பார்த்து வர்றவர் வேற எதையோ படிச்சுக் குழம்பித் திரும்பிப் போவார். 2023ல இருந்து பயோவுல அஞ்சு லிங்க் வரைக்கும் வைக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு கொடுக்கலாம். அதனால வெறும் "லிங்க் இன் பயோ"வை விட்டுட்டு, மேல எழுதின மாதிரி அந்தத் தலைப்பையே கேப்ஷன்ல சொல்லுங்க. தேடி வர்றவர் கண்ணுல அதே சொல் படணும்.

லிங்கைத் தொட்டதும் கட்டுரையோட தலையில போய் இறங்கி, வரி அடுக்கு அட்டவணையைத் தாண்டி, பழைய முறை ஒப்பீட்டைத் தாண்டிக் கீழ வர வைக்காதீங்க. பங்கு லாபக் கணக்கு இருக்கிற உபதலைப்புக்கு ஒரு ஆங்கர் வச்சு நேரா அங்கேயே இறக்குங்க. எங்கிருந்து வந்தாங்கன்னு தெரிய, லிங்க்ல ஒரு அடையாளமும் சேர்த்துக்கலாம்:

```
https://example.com/12-lakh?utm_source=instagram&utm_medium=bio&utm_campaign=share#share-kanakku
```

கேள்விக்குறிக்கு அப்புறம் வர்றது அனலிட்டிக்ஸ்க்கு, `#`க்கு அப்புறம் வர்றது இறங்குற இடத்துக்கு. இந்த வரிசையை மாத்திப் போட்டா, `#`க்குப் பின்னாடி இருக்கிற எல்லாமே ஆங்கர் பேருன்னு பிரவுசர் எடுத்துக்கும். ஆளும் சரியான இடத்துல இறங்க மாட்டார், அடையாளமும் சரியா பதிவாகாது.

ஒரு வாரம் கழிச்சு எண்ணைப் பாருங்க. நிறைய பேர் சேவ் பண்ணியிருக்காங்க, லிங்குக்கு ஆள் வரலைன்னா, கேப்ஷனே வேலையை முடிச்சிடுச்சுன்னு அர்த்தம். வரியைப் பொறுத்தவரைக்கும் எனக்கு அதுல வருத்தம் இல்லை, ஆனா உங்களுக்குக் கட்டுரைக்கு ஆள் வேணும்னா உதாரணத்தை இன்னும் சின்னதாக்குங்க. ஆள் நிறைய வந்து பத்து விநாடியில திரும்பிட்டாங்கன்னா, கேப்ஷன் சொன்னதும் இறங்கின இடமும் பொருந்தலை. கமென்ட்ல "எஃப்டி வட்டிக்கும் இதே மாதிரியா?"ன்னு அஞ்சாறு பேர் கேட்டா, "ஷேர், ஈக்விட்டி ஃபண்டு"ங்கிற இடம் தெளிவா இல்லை. எஃப்டி வட்டி சாதாரண அடுக்குலதான் வரும், அதுக்கு ரிபேட் உண்டு. இதைக் கமென்ட்ல மட்டும் பதிலா போடாம, கேப்ஷன்லயும் ஒரு வரி சேர்த்துடுங்க.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிராக்டிஸ் பண்ற சிஏ, கேப்ஷன் முடிவுல "கணக்கு போட்டுத் தர்றோம், டிஎம் பண்ணுங்க"ன்னு எழுத முடியாது. 1949 சட்டத்தோட முதல் அட்டவணை, முதல் பகுதியில ஆறாவது உட்பிரிவு கிளையன்ட் தேடுறதைத் தடுக்குது. கட்டுரைக்கு வழி காட்டுறதோட நிறுத்திக்கோங்க.

இந்த எண்கள் எல்லாம் 2025-26க்கு மட்டும்தான். 2026 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வர்றது 2025ஆம் வருஷத்துப் புது வருமான வரிச் சட்டம், அதுல பிரிவு எண்களே வேற. கட்டுரையைத் திருத்துற அன்னைக்கே பழைய போஸ்ட்டுக்குப் போய், மூணு புள்ளியைத் தொட்டு, `Edit` கொடுத்து, கேப்ஷனோட முதல் வரியிலயே "இது 2025-26க்கு மட்டும்"னு சேர்த்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. படத்துக்குள்ளயே எண்ணை எழுதியிருந்தீங்கன்னா அதைத் திருத்த முடியாது. அதனால எண்களைக் கேப்ஷன்ல வைங்க, படத்துல தலைப்பு மட்டும் இருக்கட்டும்.